முதல் தகவலும் முடிந்த தீர்ப்பும்

நாளிதழில் ஒரு கொலைச் செய்தியைப் படிக்கிறவர், 'போலீசார் வழக்குப் பதிவு செய்தனர்' என்ற வாக்கியத்தைக் கண்டதுமே குற்றம் ஏறக்குறைய ருசுவாகிவிட்டதென்றும், 'குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று' என்று கண்டால் இனித் தண்டனை ஒன்றுதான் பாக்கியென்றும் எண்ணிக்கொள்வது உலக வழக்கமாக இருக்கிறது. பிறகு சில ஆண்டுகள் கழித்து அதே வழக்கில் ஒருவர் விடுதலையானார் என்ற செய்தி வரும்போது, நடுவே ஏதோ சூது நடந்துவிட்டது என்று அவர் சந்தேகப்படுகிறார். இந்தச் சந்தேகத்துக்குக் காரணம், வழக்கு ஒரே கேள்வியோடு தொடக்கம் முதல் முடிவு வரை நடக்கிறது என்ற தவறான அபிப்பிராயமே. உண்மையில் காவல் நிலையத்தில் கேட்கப்படும் கேள்வி வேறு. நடுவர் முன்னே கேட்கப்படுவது வேறு. அமர்வு நீதிமன்றம் குற்றச்சாட்டை வனையும்போது கேட்பது வேறு. தீர்ப்பு எழுத உட்காரும் நீதிபதி தமக்குத் தாமே கேட்டுக்கொள்வது முற்றிலும் வேறு. ஒவ்வொரு படியிலும் கேள்வி கடுமையாகிக்கொண்டே போகிறது. முதற்படியில் தேர்ந்தது கடைசிப்படியிலும் தேற வேண்டும் என்ற நியதி எங்கும் இல்லை.

நம் நாட்டில் இந்தப் படிகளை வகுத்த சட்டம் பலமுறை உருமாறியிருக்கிறது. 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய் 1973ஆம் ஆண்டின் சட்டம் வந்தது. அதுவும் போய், 2024 ஜூலை 1 முதல் பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா அமலில் இருக்கிறது. குற்றங்களை வரையறுக்கும் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் நியாய சன்ஹிதாவும், சாட்சியச் சட்டத்தின் இடத்தில் சாக்ஷ்ய அதினியமும் அதே நாளில் வந்து அமர்ந்தன. பிரிவு எண்கள் மாறியதனால் பழகிய வழக்கறிஞர்களே சிறிது காலம் தடுமாறினார்களாயினும், வழக்கு நடக்கும் பாதை பெரும்பாலும் பழைய பாதைதான். அந்தப் பாதையைச் சூத்திரமாகச் சொல்வதைவிட, ஒரு வழக்கைக் கற்பனை செய்துகொண்டு அதன் பின்னாலேயே நடந்து பார்ப்பது புதிதாகக் கற்பவருக்கு உதவும்.

தென்மாவட்டம் ஒன்றில் ஒரு கால்வாய்ப் பாசனக் கிராமம் என்று வைத்துக்கொள்வோம். பங்காளிகள் இருவருக்குள் வாய்க்கால் மடையைத் திறப்பதில் வெகுநாள் மனஸ்தாபம். ஒரு நாள் மாலை 6 மணிக்கு மடையருகே வாய்ச்சண்டை முற்றி, ஒருவர் தம் கையிலிருந்த மண்வெட்டியால் மற்றவரின் தலையில் ஓர் அடி அடித்துவிடுகிறார். அடித்தவரின் மகனும் அப்போது அங்கே இருக்கிறான். அடிபட்டவரின் தம்பியும் மனைவியும், பக்கத்து வயலில் வேலை செய்த கூலியாள் ஒருவரும் அதைப் பார்க்கிறார்கள். தம்பி அண்ணனைத் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு ஓடுகிறார். மூன்றாம் நாள் அண்ணன் இறந்துபோகிறார். இவ்வளவுதான் சம்பவம், இனி வருவதெல்லாம் இந்தச் சம்பவம் காகிதத்தில் ஏறுகிற கதை.

காவல் நிலையத்தில் எழும் கேள்வி

மருத்துவமனையில் இரவு 7 மணிக்குக் காயமடைந்தவரைப் பரிசோதித்த மருத்துவர், விபத்துப் பதிவேட்டில் காயத்தின் அளவையும் இடத்தையும் எழுதுவதோடு, 'தெரிந்த ஒரு நபரால் மாலை 6 மணிக்கு மண்வெட்டியால் தாக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது' என்று ஒரு வரியையும் எழுதிவைக்கிறார். வழக்கு என்ற ஒன்று பிறப்பதற்கு முன்பே, அதில் எந்தப் பற்றும் இல்லாத ஒருவர் எழுதிய இந்த வரி, பின்னால் எத்தனை பாரத்தைத் தாங்கப்போகிறது என்பதை எழுதிய மருத்துவரே நினைத்திருக்கமாட்டார்.

மருத்துவமனையிலிருந்து தகவல் கிடைத்து வந்த சார்பு ஆய்வாளரிடம், இரவு 9 மணிக்குத் தம்பி சம்பவத்தைச் சொல்கிறார். சொன்னதை எழுதி, படித்துக்காட்டி, கையொப்பம் பெறுகிறார்கள். இதுவே புகார். சார்பு ஆய்வாளர் நிலையத்துக்குத் திரும்பி, அந்தப் புகாரின் அடிப்படையில் ஒரு குற்ற எண்ணைக் கொடுத்து, அச்சிட்ட படிவத்தில் பூர்த்தி செய்வது முதல் தகவல் அறிக்கை. பேச்சு வழக்கில் இரண்டும் ஒன்றாகவே கருதப்பட்டாலும், நீதிமன்றத்தில் இரண்டும் தனித்தனிச் சான்றாவணங்களாகக் குறியீடு பெறுகின்றன. புகாரைக் கொடுத்தவர் மூலமும், படிவத்தைப் பூர்த்தி செய்த அதிகாரியின் மூலமும் அவை முறையே நிரூபிக்கப்பட வேண்டும்.

இந்த இடத்தில் அதிகாரி கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: சொல்லப்பட்ட தகவலில், பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் ஒன்று வெளிப்படுகிறதா? வெளிப்படுமானால் பதிவு செய்தே தீரவேண்டும். தகவல் மெய்யா பொய்யா என்று அப்போது எடைபோடும் உரிமை அவருக்கு இல்லை. லலிதா குமாரி வழக்கில் 2013இல் உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதை ஐயத்துக்கிடமின்றி உறுதி செய்தது. புதிய சட்டம், மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்கு உட்பட்ட தண்டனையுள்ள குற்றங்களில் மட்டும், மேலதிகாரியின் அனுமதியோடு 14 நாளுக்குள் முதனிலை விசாரணை ஒன்று நடத்த இடம் கொடுக்கிறது. நம் வழக்கு அந்த வகையைச் சேர்ந்ததன்று. நிலைய அதிகாரி பதிவு செய்ய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதலாம். அங்கும் பயனில்லையேல் குற்றவியல் நடுவரை அணுகலாம். சம்பவம் நடந்த இடம் எந்த நிலையத்தின் எல்லையிலிருந்தாலும், எந்த நிலையத்திலும் தகவலைக் கொடுக்கலாம் என்பதும் இப்போது சட்டத்திலேயே எழுதப்பட்டுவிட்டது.

ஆகவே, முதல் தகவல் அறிக்கை என்பது ஒரு கதவு திறந்ததன் அடையாளமேயன்றி, உள்ளே இருப்பது இன்னதென்று சொல்லும் அத்தாட்சியன்று. அதில் எழுதியிருப்பதை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்க முடியாது. புகார் கொடுத்தவர் பின்னர்ச் சாட்சிக் கூண்டில் நின்று சொல்வதற்கு அது பக்கபலமாகலாம். அல்லது அவர் சொல்வதை மறுக்கும் ஆயுதமுமாகலாம். இந்த இரண்டாவது பயனே அதனை ஆபத்தான காகிதமாக்குகிறது. பகை யோசிக்கத் தொடங்குவதற்கும், உறவினர் கூடி ஆலோசனை சொல்வதற்கும் முன்னால் வெளிப்பட்ட பேச்சு என்பதனாலேயே 'முதல்' என்ற சொல்லுக்கு இவ்வளவு மதிப்பு.

அந்த முதன்மையைக் காப்பதற்குச் சட்டம் ஓர் எளிய ஏற்பாட்டைச் செய்திருக்கிறது: அறிக்கையின் பிரதி தாமதமின்றி நடுவருக்குப் போய்ச்சேர வேண்டும். நடுவர் அதில் சுருக்கொப்பமிட்டு, பெற்ற தேதியையும் மணியையும் குறிக்கிறார். நம் வழக்கில் அது மறுநாள் காலை 8 மணிக்குச் சேர்ந்தது. இரவு 10 மணிக்குப் பதிவான அறிக்கை, காரணம் எதுவுமின்றி மறுநாள் மாலையில்தான் நடுவரின் கைக்குப் போயிருக்குமானால், இடைப்பட்ட நேரத்தில் அது திருத்தி எழுதப்பட்டதோ என்ற கேள்வியை எதிர்த்தரப்பு எழுப்பும். அந்தக் கேள்விக்கு விடை இல்லாமல் விழுந்த வழக்குகள் உண்டு.

புலன் விசாரணை

வழக்குப் பதிவானபோது அடிபட்டவர் உயிரோடிருந்தார். எனவே கொலை முயற்சிக்கான பிரிவே அறிக்கையில் இருந்தது. மூன்றாம் நாள் அவர் இறந்ததும், ஆய்வாளர் பிரிவு மாற்ற அறிக்கை ஒன்றை நடுவருக்கு அனுப்பி, நியாய சன்ஹிதாவின் 103ஆம் பிரிவாகிய கொலைக்கு வழக்கை மாற்றுகிறார். புதிதாக இன்னொரு முதல் தகவல் அறிக்கை பிறப்பதில்லை. அதே குற்ற எண் தொடர்கிறது.

இதற்கிடையே ஆய்வாளர் சம்பவ இடத்துக்குச் சென்று பார்வை மகஜரும் மாதிரி வரைபடமும் தயாரிக்கிறார். இரத்தக் கறை படிந்த மண்ணையும் கறையில்லாத மண்ணையும் தனித்தனியே மகஜர் மூலம் கைப்பற்றுகிறார். சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி, ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்பது புதிய சட்டம் சேர்த்த கடமை. இறந்தவரின் உடலின்மேல் பிரேத விசாரணை நடத்தி, பிரேத பரிசோதனைக்கு அனுப்புகிறார். மறுபுறம், இறப்பதற்கு முன்பே, மருத்துவமனையின் வேண்டுகோளின்பேரில் நடுவர் ஒருவர் வந்து, நோயாளி தெளிவான மனநிலையில் இருக்கிறார் என்ற மருத்துவரின் சான்றைப் பெற்று, அவருடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்திருந்தார். பின்னர் இறந்துபோனதனால் அது மரண வாக்குமூலமாகிறது. அதில் அவர் தம் பங்காளி ஒருவரையே பெயர் சொல்லிக் குறித்திருந்தார்.

சாட்சிகளை ஆய்வாளர் விசாரித்து எழுதும் வாக்குமூலங்களைப் பற்றி இங்கே சற்று நிதானித்துச் சொல்ல வேண்டும். அவற்றில் சாட்சி கையொப்பமிடுவதில்லை. கையொப்பம் வாங்கக் கூடாது என்பதே விதி. அரசுத் தரப்பு தன் வழக்கை நிரூபிக்க அவற்றைப் பயன்படுத்த முடியாது. எதிர்த்தரப்பும், நீதிமன்றத்தின் அனுமதியோடு அரசுத் தரப்பும், சாட்சி நீதிமன்றத்தில் சொல்வது முன்பு சொன்னதற்கு முரணானது என்று காட்டமட்டும் அவற்றைப் பயன்படுத்தலாம். போலீசார் எழுதிய காகிதத்தைப் போலீசாருக்கே சாதகமாக்கக் கூடாது என்ற நூற்றாண்டுக்கும் மேலான எச்சரிக்கை இந்த விதியில் உறைந்து கிடக்கிறது. அதே எச்சரிக்கைதான், கைதானவர் போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தையும் தள்ளிவைக்கிறது. அதற்குள்ள விதிவிலக்கு சிறியது: அவர் சொன்னதன் விளைவாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட வார்த்தைகள்மட்டும் ஏற்கப்படும். நம் எதிரி, கிராம நிர்வாக அலுவலரும் தலையாரியும் உடனிருக்க, 'வைக்கோற்போரில் மண்வெட்டியை ஒளித்து வைத்திருக்கிறேன், எடுத்துத் தருகிறேன்' என்று சொல்லி எடுத்துக் கொடுத்தாராகில், அந்த வாக்கியம் வரும். 'அதனால்தான் அவரை அடித்தேன்' என்ற அடுத்த வாக்கியம் வராது. 1946இல் புலுகுரி கோட்டய்யா வழக்கில் பிரிவி கவுன்சில் போட்ட இந்தக் கோட்டை இன்றும் நீதிமன்றங்கள் தாண்டுவதில்லை.

கைது செய்யப்பட்டவரை, பிரயாண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் நடுவர்முன் நிறுத்த வேண்டும். நடுவர் அவரை நீதிமன்றக் காவலுக்கு அனுப்பும் உத்தரவையே சாமானியர் ரிமாண்ட் என்கிறார்கள். இது தண்டனையன்று, புலன் விசாரணை முடியும்வரை நிறுத்திவைப்பது. அதற்கும் எல்லையுண்டு: கொலை போன்ற பெருங்குற்றங்களில் 90 நாளும், மற்றவற்றில் 60 நாளும் கடந்து இறுதி அறிக்கை வராவிட்டால், பிணை கொடுக்கத் தயாராயிருக்கும் எதிரியை விட்டேயாக வேண்டும், குற்றம் எவ்வளவு கொடியதென்பது அப்போது பேச்சுக்கு வராது.

இப்படிப் புலன் விசாரணை நடந்துகொண்டிருக்கையில், இறப்புக்குப் பிறகு, ஒரு திருப்பம் நேர்கிறது. முதல் நாள் இரவு விசாரித்தபோது 'பங்காளி அடித்தார்' என்றுமட்டும் சொல்லியிருந்த தம்பியும் மனைவியும், கூடுதல் வாக்குமூலத்தில், 'அவருடைய மகன் பின்னாலிருந்து கைகளைப் பிடித்துக்கொண்டான்' என்று சேர்த்துச் சொல்கிறார்கள். மகன் இரண்டாம் எதிரியாகிறான். பொது எண்ணத்தோடு செய்த குற்றம் என்ற அடிப்படையில் இருவர் மீதும் கொலைக்காக ஆய்வாளர் இறுதி அறிக்கை தாக்கல் செய்கிறார். குற்றப்பத்திரிகை என்று நாம் வழங்குவது இதையே. ஆய்வாளர் இதுவரை விடை தேடிய கேள்வி: நீதிமன்றத்தின்முன் வைக்கத்தக்க சாட்சியம் சேர்ந்திருக்கிறதா என்பது. சேர்ந்திருக்கிறது என்பது அவருடைய அபிப்பிராயம், அவ்வளவே.

நடுவரிடமிருந்து அமர்வு நீதிமன்றத்துக்கு

குற்றப்பத்திரிகை நடுவரின் முன் வந்ததும் அவர் அதைக் கோப்பில் எடுத்துக்கொள்கிறார். சிறிய குற்றமானால் அவரே விசாரித்து முடிப்பார். அதற்கான முறைகள் இதைவிடச் சுருக்கமானவை. கொலையை விசாரிக்கும் அதிகாரம் அமர்வு நீதிமன்றத்துக்கே உரியது. எனவே நம் வழக்கு நடுவரிடம் பி.ஆர்.சி. எண்ணொன்றைப் பெற்று, எதிரிகளுக்கு எல்லா ஆவணங்களின் நகல்களும் இலவசமாக வழங்கப்பட்டபின், அமர்வு நீதிமன்றத்துக்கு ஒப்படைக்கப்படுகிறது, அங்கே எஸ்.சி. எண் பெறுகிறது. நிலையத்தில் ஒரு குற்ற எண், நடுவரிடம் ஓர் எண், அமர்வில் ஓர் எண் என மூன்று எண்கள் ஒரே வழக்குக்கு இருப்பது, நீதிமன்றப் பலகையில் தன் வழக்கைத் தேடும் கிராமவாசியை மிகவும் குழப்பும் விஷயம். 1973க்கு முன்பு, ஒப்படைப்பதற்காக நடுவரே சாட்சியங்களைப் பதிவு செய்யும் ஆரம்ப விசாரணை ஒன்று இருந்தது. ஒரே சாட்சி இரு இடங்களில் பேச வேண்டியிருந்த அந்தச் சிரமம் ஒழிந்தது. இப்போது ஒப்படைக்கும் நடுவர் கேட்பது, இது அமர்வு நீதிமன்றத்துக்கே உரிய குற்றமாகத் தோன்றுகிறதா என்பதுமட்டுமே.

அமர்வு நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர் வழக்கின் சாரத்தை எடுத்துச் சொல்லித் தொடங்கிவைக்கிறார். குற்றச்சாட்டு வனைவதற்கு முன், தம்மை விடுவிக்கும்படி எதிரிகள் மனுச் செய்யலாம். வழக்கு ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் செய்ய வேண்டும் என்று புதிய சட்டம் காலவரையறை வைத்திருக்கிறது. மகன் அப்படியொரு மனுவைப் போடுகிறான்: முதல் காகிதங்களில் தன் பெயரே இல்லையே என்பது அவன் வாதம். நீதிபதி மனுவைத் தள்ளுபடி செய்கிறார். அவர் மகனைக் குற்றவாளியென நம்பிவிட்டதாக இதற்குப் பொருளில்லை. இந்தக் கட்டத்தில் அவர் பார்க்க வேண்டியது, குற்றம் செய்திருக்கலாம் என்று அனுமானிக்கப் போதிய ஆதாரம் உண்டா என்பது. பிரபுல்லகுமார் சமல் வழக்கில் 1978இல் உச்சநீதிமன்றம் சொன்னபடி, அந்த ஓர் எல்லைக்குள்தான் ஆவணங்களைச் சலித்துப் பார்க்கலாம். இரண்டு பேர் 'பிடித்தான்' என்கிறார்கள்; அவர்கள் சொல்வது மெய்யா என்பதைக் கூண்டில் ஏற்றித்தான் பார்க்க முடியும். பலமான சந்தேகம் குற்றச்சாட்டுக்குப் போதும்; தண்டனைக்குப் போதாது.

பிறகு குற்றச்சாட்டு வனையப்படுகிறது. இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்ன முறையில், இன்னாரைக் கொலை செய்தீர் என்று தமிழில் படித்துக்காட்டி, குற்றத்தை ஒப்புக்கொள்கிறீரா என்று கேட்கிறார்கள். மறுத்தால், சாட்சி விசாரணைக்கு நாள் குறிக்கப்படுகிறது.

சாட்சிக் கூண்டு

வழக்கின் உயிர்நிலை இங்கேதான். தம்பி அ.சா.1 ஆக ஏறுகிறார். அரசு வழக்கறிஞர் கேட்கும் முதல் விசாரணையில், விடையைச் சொல்லிக்கொடுக்கும் விதமான கேள்விகளைக் கேட்கக் கூடாது. எனவே 'என்ன நடந்தது?' என்று கேட்க, அவர் மடையில் நடந்ததைச் சொல்கிறார். மகன் பிடித்துக்கொண்டதையும் சொல்கிறார். புகார் அ.சா.ஆ.1 ஆகவும், மண்வெட்டி சா.பொ.1 ஆகவும் குறியீடு பெறுகின்றன.

அடுத்து எதிரிகளின் வழக்கறிஞர் குறுக்கு விசாரணைக்கு எழுகிறார். குறுக்கு விசாரணையென்றால் அதட்டலும் மடக்கலும் என்று சினிமாவில் பார்த்துப் பழகியவர்களுக்கு, உண்மையான ஒன்றைப் பார்த்தால் ஏமாற்றமாயிருக்கும். அவர் தாழ்ந்த குரலில் கேட்பது இவ்வளவுதான்: 'அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது நீங்கள்தானே?' ஆம். 'டாக்டரிடம் நடந்ததைச் சொன்னீர்கள் அல்லவா?' ஆம். 'அன்றிரவே போலீசாரிடம் முழு விவரமும் சொல்லிக் கையெழுத்துப் போட்டீர்கள்?' ஆம். 'மகன் பிடித்துக்கொண்டான் என்று அந்தப் புகாரில் சொல்லவில்லை என்கிறேன்.' 'சொன்னேன் ஐயா, அவர்கள் எழுதவில்லை.' வழக்கறிஞர் புகாரின் அந்தப் பகுதியைச் சாட்சிக்குக் காட்டிக் கேட்டுவிட்டு, அதற்குமேல் ஒரு வார்த்தையும் கேட்காமல் உட்கார்ந்துவிடுகிறார். இளம் வழக்கறிஞரானால், 'அப்படியானால் ஏன் எழுதவில்லை?' என்று கேட்டு, தனக்குப் பாதகமான ஒரு விளக்கத்தைத் தானே வரவழைத்துக்கொள்வார்.

புகாரில் இல்லாததை அந்தப் புகாரே காட்டிவிடும். ஆனால் முதல் நாள் இரவு ஆய்வாளரிடம் சொன்ன வாக்குமூலத்தில் இல்லாததைக் காட்ட இன்னொரு படி தேவை. 'ஆய்வாளரிடமும் அன்று இதைச் சொல்லவில்லை' என்று சாட்சியிடம் கேட்டு, அவர் 'சொன்னேன்' என்று மறுத்தால், கடைசியில் ஆய்வாளர் சாட்சியாக ஏறும்போது அவரிடமும் கேட்க வேண்டும்: 'அ.சா.1 முதல் விசாரணையில் இவ்விதம் கூறினாரா?' அவர் 'கூறவில்லை' என்று சொன்னால்தான் முரண்பாடு ருசுவாகிறது. முதற் கேள்வியைக் கேட்டு, இரண்டாம் கேள்வியை மறந்துவிட்டால், முரண்பாடு பதிவில் இருந்தும் பயனற்றதாகிவிடும். சொல்லாமல் விட்டதும் முரண்பாடாகுமா என்ற சந்தேகத்தை 1959இல் தாசில்தார் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் விரிவாக ஆராய்ந்தது. சந்தர்ப்பத்தைப் பார்க்கையில் அவசியம் சொல்லியிருக்க வேண்டிய முக்கியமான விஷயத்தைச் சொல்லாமல் விட்டிருந்தால் அது முரண்பாடே. அற்ப விவரத்தை விட்டது முரண்பாடாகாது.

கூலியாள் அ.சா.3 ஆக ஏறி, 'நான் ஒன்றும் பார்க்கவில்லை' என்கிறார். ஊரில் இரு வீட்டாரோடும் காலந்தள்ள வேண்டியவர்; ஆச்சரியமில்லை. அரசு வழக்கறிஞர் நீதிமன்றத்தின் அனுமதியோடு அவரைப் பிறழ் சாட்சியாகக் கருதித் தாமே குறுக்கு விசாரணை செய்கிறார். பிறழ்ந்த ஒரே காரணத்தால் அவருடைய சாட்சியம் முழுவதும் அழிந்துவிடாது. நம்பத்தக்க பகுதி ஏதேனும் இருந்தால் அதை எடுத்துக்கொள்ளலாம். இவரிடம் அப்படி ஒன்றும் தேறவில்லை. பிறகு மருத்துவர்கள், மரண வாக்குமூலத்தைப் பதிவு செய்த நடுவர், கிராம நிர்வாக அலுவலர் முதலியோர் வருகிறார்கள். பிரேத பரிசோதனை செய்த மருத்துவர், மரணத்துக்குக் காரணமான தலைக்காயம் ஒன்றே என்றும், கைகளிலோ தோள்களிலோ பிடித்து அழுத்திய அடையாளம் எதையும் காணவில்லை என்றும் சொல்கிறார்.

எதிரியின் முறை

அரசுத் தரப்புச் சாட்சியம் முடிந்ததும், நீதிபதி எதிரிகளையே நேரில் கேள்வி கேட்கிறார். இங்கே சத்தியப் பிரமாணம் இல்லை. பதில் சொல்ல மறுத்தாலோ பொய் சொன்னாலோ அதற்காகத் தண்டனையும் இல்லை. தமக்கு எதிராக வந்த ஒவ்வொரு சாட்சியத்தையும் எடுத்துக்காட்டி, இதற்கு என்ன சொல்கிறீர் என்று விளக்கத்துக்கு வாய்ப்பளிப்பதே நோக்கம். நடைமுறையில், தட்டச்சு செய்த கேள்விகளுக்கெல்லாம் 'பொய்', 'பொய்' என்று வரிசையாக விடை எழுதப்படுவது பல நீதிமன்றங்களில் சகஜம். ஆயினும் இந்தச் சடங்கைக் கவனமின்றி நடத்தினால் அரசுத் தரப்புக்குத்தான் நஷ்டம். எதிரியிடம் கேட்கப்படாத ஒரு சந்தர்ப்பத்தை அவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்று சரத் பிர்திசந்த் சர்தா வழக்கில் 1984இல் உச்சநீதிமன்றம் வலியுறுத்தியிருக்கிறது. நம் வழக்கில் தகப்பன், 'மடையை அடைக்க வந்து முதலில் என்னைத் தள்ளினார்கள். கைகலப்பு நடந்தது' என்கிறார். மகன், தான் விலக்கிவிட ஓடியதாகச் சொல்கிறான்.

எதிர்த்தரப்பில் சாட்சிகளை விசாரிக்கலாம், விசாரிக்காமலும் இருக்கலாம். இவர்கள் விசாரிக்கவில்லை. குற்றத்தை நிரூபிக்கும் சுமை அரசுத் தரப்பினுடையது என்பதால், மௌனம் அவர்களுக்கு எதிராகாது. பின்னர் இரு தரப்பு வாதங்களும் நடக்கின்றன.

தீர்ப்பு

வாதம் முடிந்து 30 நாளுக்குள் தீர்ப்புச் சொல்ல வேண்டுமென்றும், காரணத்தைப் பதிவு செய்து அதனை 45 நாள்வரை நீட்டலாமென்றும் புதிய சட்டம் விதிக்கிறது. தீர்ப்பில் தீர்க்கப்பட வேண்டிய பிரச்சினைகள், அவற்றின்மீது முடிவு, முடிவுக்குக் காரணம் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். இப்போதுதான் கடைசிக் கேள்வி கேட்கப்படுகிறது: நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றிக் குற்றம் ருசுவாயிற்றா?

தகப்பனைப் பொறுத்தவரை நீதிபதிக்குச் சிரமமில்லை. விபத்துப் பதிவேடு ஒரே ஆளைக் குறிக்க, புகார், மரண வாக்குமூலம், கூண்டில் சொன்ன சாட்சியம் ஆகிய மூன்றும் அவரையே காட்டுகின்றன. ஆனால் அவர் செய்தது எந்தக் குற்றம்? முன்திட்டமில்லை, திடீரென மூண்ட சண்டை, கையில் இருந்தது வயலுக்குப் போகிற எவரும் தூக்கிச் செல்லும் மண்வெட்டி, அடித்தது ஒரே அடி, விழுந்தபின் மறுபடி அடிக்கவில்லை. கொலையின் இலக்கணத்துக்குச் சட்டமே சொல்லும் நான்காவது விதிவிலக்கில் இது அடங்குகிறது. விதிவிலக்கைக் காட்டும் சுமை எதிரிக்கே என்றாலும், அரசுத் தரப்புச் சாட்சியத்திலிருந்தே அது வெளிப்பட்டால் போதும். எனவே கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்து, கொலையாகாத மரணம் விளைத்தலுக்காக 105ஆம் பிரிவின் பிற்பகுதியில் அவரைக் குற்றவாளியென்று தீர்மானிக்கிறார்.

மகனைப் பொறுத்தவரை அரசு வழக்கறிஞர் சொன்ன சமாதானம் அலட்சியப்படுத்தக் கூடியதன்று: அண்ணன் இரத்தவெள்ளத்தில் கிடக்கையில் புகார் சொல்கிற தம்பி எல்லா விவரத்தையும் சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது, முதல் தகவல் அறிக்கை கலைக்களஞ்சியமன்று என்று உச்சநீதிமன்றமே பலமுறை சொல்லியிருக்கிறது. புகாரில்மட்டும் அந்த விவரம் விடுபட்டிருந்தால் நீதிபதி இதனை ஏற்றிருக்கக்கூடும். ஆனால் மருத்துவரிடம் சொன்னபோதும் 'ஒரு நபர்'. அடிபட்டவரே நடுவரிடம் சொன்னபோதும் ஒருவர். முதல் இரவு மனைவி சொன்னபோதும் ஒருவர். இரண்டாமவர் தோன்றுவது மரணத்துக்குப் பிறகுதான். ஒருவர் கைகளைப் பின்னாலிருந்து பிடிக்க, இன்னொருவர் அடித்தார் என்பது மறந்துபோகிற சில்லறை விவரமன்று. பிணக்கூறாய்வும் அதற்குத் துணை செய்யவில்லை. மகன் விடுதலை செய்யப்படுகிறான். அவன் குற்றமற்றவன் என்று நீதிபதி கண்ணால் கண்டுவிட்டார் என்பதல்ல இதன் பொருள். அரசுத் தரப்பு ஏற வேண்டிய கடைசிப் படியை ஏறவில்லை என்பதே.

குற்றவாளியென்று தீர்மானித்த பிறகும் வேலை முடிவதில்லை. தண்டனையைப் பற்றித் தனியே எதிரியைக் கேட்க வேண்டும். அவருடைய வயது, குடும்பம், முன் நடத்தை ஆகியவற்றைக் கேட்டு, 7 ஆண்டுக் கடுங்காவலும் அபராதமும் விதித்து, ஏற்கனவே சிறையிலிருந்த நாட்களைக் கழித்துக்கொள்ளவும், அபராதத்தில் ஒரு பகுதியை இறந்தவரின் மனைவிக்கு இழப்பீடாகக் கொடுக்கவும் நீதிபதி உத்தரவிடுகிறார். தீர்ப்பின் நகல் தண்டிக்கப்பட்டவருக்கு உடனே இலவசமாகக் கிடைக்கும். 60 நாளுக்குள் அவர் உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். மகனின் விடுதலையை எதிர்த்து அரசும் இறந்தவரின் குடும்பத்தாரும் செல்லலாம்.

வழக்குக் கட்டொன்றைக் கையில் வாங்கும் இளம் வழக்கறிஞர், பெரும்பாலும் குற்றப்பத்திரிகையிலிருந்து படிக்கத் தொடங்குகிறார்; ஏனெனில் அதில்தான் கதை கோவையாக இருக்கிறது. கோவையாக இருப்பதே அதன் குறை. அது எல்லாம் தெரிந்த பிறகு எழுதப்பட்டது. அதை ஒதுக்கிவைத்துவிட்டு, விபத்துப் பதிவேட்டின் அந்த ஒற்றை வரியையும், பிறகு புகாரையும், பிறகு அறிக்கையின் மூலையில் நடுவர் குறித்த மணியையும், பிறகு வாக்குமூலங்களைத் தேதி வரிசையிலும் படித்தால், கதை எந்த நாளில் வளர்ந்தது என்பது தானே தெரியும். அமர்வு நீதிபதி தீர்ப்பெழுத உட்கார்ந்தபோது முதலில் புரட்டிய பக்கமும், அன்றிரவு மருத்துவர் 'ஒரு நபர்' என்று எழுதிய அந்தப் பக்கம்தான்.